50 வாரத்தில் 45 வாரம் லாபம், ஆனாலும் கையில் நஷ்டம்

*வணக்கம் ஐயா. மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், வயது 41. 2025 ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை நிஃப்டி புட் ஆப்ஷன் விற்றுவருகிறேன். 2 லாட், அதாவது 150 எண்ணம். ஆப்பில் 90 சதவீதம் வெற்றி வாய்ப்பு காட்டும் ஸ்ட்ரைக்கை மட்டும்தான் எடுப்பேன். வருடக் கடைசிவரை 50 முறை செய்ததில் 45 முறை லாபம், 5 முறைதான் நஷ்டம். ஆனால் புரோக்கர் கணக்கில் ₹32,900 நஷ்டம் என்று வருகிறது. ஏப்ரல் 7 அன்று மட்டும் ₹1,01,000 போனது. அன்று பயந்து மூடாமல் இரண்டு நாள் பொறுத்திருந்தால் அதுவும் லாபமாகியிருக்கும். அந்த ஒரு துரதிர்ஷ்டத்தை விட்டுவிட்டால் என் முறை சரிதானே? இனி ஸ்டாப் லாஸ் போட்டுக்கொண்டு, வீட்டு நகையை அடகு வைத்து 6 லாட்டாக ஏற்றலாம் என்றிருக்கிறேன். மச்சான் வேண்டாம் என்கிறார். ஏப்ரல் விஷயம் மனைவிக்கு இன்னும் தெரியாது. வாரக் கணக்கை இணைத்திருக்கிறேன்.*

*— உரக்கடைக்காரர்*

அன்புள்ள உரக்கடைக்காரருக்கு,

முதலில் புரோக்கர் மேல் இருக்கும் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய தாளை வரிவரியாகக் கூட்டிப் பார்த்தேன், கணக்கில் பிசகு இல்லை. 45 லாப வாரங்களில் சராசரியாக ₹2,800 வந்திருக்கிறது, மொத்தம் ₹1,26,000. ஐந்து நஷ்ட வாரங்களில் போனது ₹9,000, ₹12,500, ₹14,000, ₹18,500, கடைசியாக அந்த ₹1,01,000. கூட்டினால் ₹1,55,000. வித்தியாசம் ₹29,000. அதன்மேல் புரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து ₹3,900. யாரும் உங்களை ஏமாற்றவில்லை. மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடான நிஃப்டி ஒரு குறிப்பிட்ட புள்ளிக்குக் கீழே போனால், போன அளவுக்குப் பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, அதற்காகப் பிரீமியம் வாங்கிக்கொள்வதுதான் புட் விற்பது. அந்தப் புள்ளிக்கு ஸ்ட்ரைக் என்றும், கணக்கு முடியும் நாளுக்கு எக்ஸ்பைரி என்றும் பெயர்.

கும்பகோணத்தில் உட்கார்ந்து முப்பது வருடமாகக் கடைக் கணக்கு பார்க்கிறவன் நான். எந்த ஸ்ட்ரைக்கை விற்கலாம் என்று சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவு எனக்குக் கிடையாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு தொழிலில் கையில் என்ன நிற்கும் என்று பார்ப்பது என் வேலை. அதை உங்கள் கடையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

50 கிலோ டிஏபி மூட்டை ₹1,350. அதில் உங்களுக்கு ₹40 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடவு சமயத்தில் கடனுக்குக் கொடுக்கிறீர்கள், அறுவடை முடிந்து நெல் போட்டதும் வந்து கட்டுகிறார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் கட்டிவிடுகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாராவது, "அடேயப்பா, 90 சதவீதம் வசூல், அருமையான வியாபாரம்" என்று சொன்னால் சிரிப்பீர்கள். வராமல் போன அந்த ஒரு மூட்டையில் நீங்கள் இழந்தது ₹40 அல்ல, நீங்கள் கம்பெனிக்குக் கட்டிய ₹1,310. ஒரு மூட்டைக் கடன் மூழ்கினால் அதைச் சமன்செய்ய 33 மூட்டையை ஒழுங்காக விற்று வசூலிக்க வேண்டும். பத்தில் ஒன்று மூழ்கும் ஊரில் ₹40 லாபத்துக்குக் கடன் கொடுத்தால் ஒரே போகத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதனால்தான் கடன் நோட்டைப் புரட்டும்போது எத்தனை பேர் கட்டினார்கள் என்று எண்ணாமல், எவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்று பார்க்கிறீர்கள். ஆப் திரையில் மட்டும் தலைகளை எண்ணுகிறீர்கள்.

இந்தக் கணக்குக்கு டிரேடிங்காரர்கள் எக்ஸ்பெக்டன்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு முறைக்குச் சராசரியாக என்ன நிற்கும் என்பதுதான் அது. உங்களுக்குப் பத்தில் ஒன்பது முறை ₹2,800 வருகிறது, அதன் பங்கு ₹2,520. பத்தில் ஒரு முறை ₹31,000 போகிறது, அதன் பங்கு ₹3,100. ஒவ்வொரு வாரமும் பட்டனை அழுத்தும்போது சராசரியாக ₹580 போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஜெயித்த வாரத்திலும்தான்.

இதையே திருப்பிப் போட்டால் உங்களுக்கு இன்னும் உதவும்: நஷ்டமும் இல்லாமல் லாபமும் இல்லாமல் நிற்க, நூற்றுக்கு எத்தனை முறை ஜெயிக்க வேண்டும்? சராசரி நஷ்டத்தை, சராசரி நஷ்டமும் சராசரி லாபமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் விடை வரும்.

31,000 ÷ (31,000 + 2,800) = 0.917

கிட்டத்தட்ட 92 சதவீதம். நீங்கள் 90 எடுத்தீர்கள். பரீட்சையில் 90 மார்க் வாங்கியும் ஃபெயில் ஆனதுபோல் உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம், பாஸ் மார்க் 35 என்று மனதில் இருப்பதுதான். இந்தத் தாளுக்குப் பாஸ் மார்க்கே 92. பாஸ் மார்க்கை நிர்ணயிப்பது உங்கள் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் உள்ள விகிதம். அதைத் தெரிந்துகொள்ளாதவரை 90 நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று சொல்லவே முடியாது.

திரையில் காட்டும் 90 எங்கிருந்து வருகிறது

நீங்கள் பார்க்கும் சதவீதத்தை ஆப் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆப்ஷனின் விலையிலிருந்தே பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுக்கிறது. பெரும்பாலும் டெல்டா என்ற அளவைத்தான் மாற்றிக் காட்டுவார்கள் (நம்ம ஊர் டெல்டா இல்லை, பயப்படாதீர்கள்). டெல்டா 0.10 என்றால், எக்ஸ்பைரி அன்று அந்த புட் பணம் பெறும் நிலையில் முடிய சுமார் 10 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை விலை வைத்திருக்கிறது என்று பொருள். மீதி 90 உங்களுடையது.

அப்படியானால் அந்த 90 சதவீதம் சந்தைக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் உங்களுக்கு 20 ரூபாய் பிரீமியம் கொடுக்கிறது. வாய்ப்பு உங்கள் பக்கம் அதிகமாக அதிகமாகப் பிரீமியம் குறையும், ஆனால் தோற்கும் நாளின் அடி அதே வேகத்தில் குறையாது. நிறையப் பேர் தடுமாறும் இடம் இதுதான். "90ல் அடிபட்டேன், இனி 95க்குப் போகிறேன்" என்பார்கள். உங்கள் ஏப்ரல் வாரத்தையே எடுத்துப் பார்ப்போம். 22,400 ஸ்ட்ரைக்குக்குப் பதில் 22,200 ஸ்ட்ரைக்கை 8 ரூபாய்க்கு விற்றிருந்தால், அன்று காலை ₹1,01,000 போவதற்குப் பதில் சுமார் ₹74,000 போயிருக்கும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 20 ரூபாய் பிரீமியத்தில் வாரம் ₹3,000 வரும், குழியை மூட 34 லாப வாரம் போதும். 8 ரூபாயில் வாரம் ₹1,200தான், குழியை மூட 62 லாப வாரம் வேண்டும். ஜெயிக்கும் சதவீதம் ஏறியது, பாஸ் மார்க் அதைவிட அதிகமாக ஏறிவிட்டது.

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டியிருப்பீர்கள். அங்கே நீங்கள் பிரீமியம் கொடுப்பவர், கம்பெனி வாங்குபவர். புட் விற்கும்போது நீங்கள் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எத்தனை வருடம் க்ளெய்ம் வரவில்லை என்று எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் பெருமைப்படாது. வாங்கிய பிரீமியம் வரப்போகிற க்ளெய்முக்குப் போதுமா என்பதுதான் அவர்கள் கவலை. ஆப்ஷன் விற்பவருக்கும் பணம் நிற்பது அப்படித்தான். உண்மையில் நடக்கக்கூடியதைவிடப் பிரீமியம் கொஞ்சம் அதிகமாக இருக்கும் சமயங்களில் மட்டும் கையில் ஏதாவது நிற்கும். அது 90 என்ற எண்ணில் தெரியாது.

ஏப்ரல் 7ஐ அழித்துவிடலாமா?

அந்த வாரத்தை விட்டுவிட்டு நானும் கூட்டிப் பார்த்தேன். 49 வாரத்தில் ₹72,000 லாபம் வருகிறது, பாஸ் மார்க்கும் 83க்கு இறங்கிவிடுகிறது. உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த வரியை அழிக்க ஒரு நியாயமான காரணத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,904ல் முடிந்தது. நீங்கள் அன்று மதியம் 22,400 புட்டை 20 ரூபாய்க்கு விற்றீர்கள், சந்தைக்கு 500 புள்ளி கீழே. அமெரிக்க வரி விதிப்பால் சனி ஞாயிறு முழுக்க உலகச் சந்தைகளே கலங்கிப் போயிருந்தன. திங்கள் காலை நிஃப்டி 21,758ல் திறந்தது. 1,146 புள்ளி இடைவெளி. நடுவில் ஒரு வியாபாரம்கூட நடக்காமல், உங்கள் ஸ்ட்ரைக்கைத் தாண்டி 640 புள்ளி கீழே போய் விழுந்தது. நீங்கள் 693 ரூபாய்க்குத் திரும்ப வாங்கி மூடினீர்கள்.

ஆறாத இடத்துக்கு வருகிறேன். வியாழன் மகாவீர் ஜெயந்தி விடுமுறை என்பதால் அந்த வார எக்ஸ்பைரி புதன் அன்றே, ஏப்ரல் 9ல் வந்தது. அன்று நிஃப்டி முடிந்தது 22,399.15ல். உங்கள் ஸ்ட்ரைக்குக்கு வெறும் 85 பைசா கீழே. மூடாமல் இருந்திருந்தால் 20 ரூபாயில் 19 ரூபாய் 15 பைசா உங்களுடையது. இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும்.

ஆனால் திங்கள் காலை 9:15க்கு உங்களுக்கு என்ன தெரியும் என்பதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் கணக்கில் இருந்தது ₹4 லட்சம், அதில் பெரும்பகுதி மார்ஜினாக, அதாவது புரோக்கரிடம் ஈடாக, முடங்கியிருந்தது. புட்டின் விலை 20லிருந்து 690ஐத் தொட்டதும், அந்த ஒரு லட்சமும் உயர்ந்துபோன மார்ஜினும் சேர்ந்து கூடுதல் பணம் கேட்டிருக்கும். அதைக் கட்டாவிட்டால் புரோக்கரே உங்கள் நிலையை மூடியிருப்பார். "பொறுத்திருந்தால்" என்பது உங்கள் விருப்பத்தில் மட்டும் இருந்ததல்ல, அன்று காலை இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும். அமெரிக்கா வரியை நிறுத்திவைப்பதாக அறிவித்ததும்கூட அந்த எக்ஸ்பைரி முடிந்த பிறகுதான். சந்தை இன்னும் ஆயிரம் புள்ளி விழுந்திருந்தால் இழப்பு ₹2.5 லட்சம். அன்று மூடியது தவறு என்று நான் எழுத மாட்டேன். தவறு வெள்ளிக்கிழமை நடந்தது: ₹3,000 வருமானத்துக்காக, அடிமட்டம் தெரியாத ஒரு கிணற்றை வார விடுமுறைமேல் திறந்து வைத்தீர்கள்.

அது துரதிர்ஷ்டமா என்றால், கொஞ்சம் துரதிர்ஷ்டம்தான். 2020 மார்ச் 23ல் நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. 2022 பிப்ரவரி 24ல், உக்ரைன் போர் தொடங்கிய அன்று, 4.8 சதவீதம். 2024 ஜூன் 4ல், தேர்தல் முடிவு வந்த அன்று, 5.9 சதவீதம். இப்போது ஏப்ரல் 7. ஐந்தாறு வருடத்தில் குறைந்தது நாலு முறை. உங்களுக்குச் சாதகமாக, 75 வாரத்துக்கு ஒருமுறைதான் இப்படி ஒரு அடி விழும் என்றே வைத்துக்கொள்கிறேன். மற்ற வாரங்கள் உங்கள் தாளில் உள்ள விகிதத்திலேயே போகட்டும். 68 லாப வாரத்தில் ₹1,90,400 வரும், ஆறு சாதாரண நஷ்டத்தில் ₹81,000 போகும், ஒரு பெரிய அடியில் ₹1,01,000 போகும். ஒன்றரை வருடக் கடைசியில் நிற்பது ₹8,400. அதில் கட்டணம் ஆறாயிரத்துக்குப் பக்கத்தில். ₹4 லட்சத்தை முடக்கி, திங்கள் காலையெல்லாம் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு, இரண்டாயிரத்துச் சொச்சம். கூட்டுறவு வங்கி வைப்பு நிதி இதைவிடப் பல மடங்கு கொடுக்கும். அதுவும் 2020 மார்ச் மாதிரி ஒரு நாளை நான் இதில் சேர்க்கவேயில்லை.

உங்கள் நண்பர் யாராவது இதே முறையில் ஒரு வருடம் முழுக்க லாபம் பார்த்ததாகச் சொல்லலாம், பொய்யாக இருக்காது. 50 வாரத்துக்கு ஒருமுறை அடி விழும் என்று வைத்தால்கூட, எந்த ஒரு வருடத்திலும் அந்த அடி விழாமல் தப்பிக்க 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு வருடம் சுத்தமாகத் தெரியும். அந்த வருடத்தின் தாளைப் பார்த்துச் சராசரி நஷ்டம் போட்டால், பெரிய நஷ்டம் இன்னும் தாளில் ஏறாததால் சராசரி பொய் சொல்லும். ஐந்து நஷ்டத்தை மட்டும் வைத்து நாம் போட்ட ₹31,000கூட ஒரு மதிப்பீடுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளிலிருந்து வந்தது. அந்த எண்ணைப் பூஜ்யமாக்க நினைப்பதைவிட, இதைவிடப் பெரிதாக வந்தால் என்ன செய்வது என்று பார்ப்பதுதான் விவேகம்.

ஸ்டாப் லாஸ் போட்டால் சரியாகிவிடுமா

20க்கு விற்றது 60க்கு ஏறினால் மூடிவிடுவேன், நஷ்டம் 40 புள்ளி, ₹6,000தான், ஆனால் 90 சதவீதம் ஜெயிப்பேன் என்பது உங்கள் திட்டம். அப்படி நடந்தால் பாஸ் மார்க் 68, நீங்கள் எடுப்பது 90, அற்புதமாக இருக்கும். ஆனால் ஸ்டாப் லாஸ் போட்ட நிமிடமே அந்த 90 செத்துவிடுகிறது. 90 என்பது எக்ஸ்பைரி அன்று எங்கே முடியும் என்பதற்கான வாய்ப்பு. நடுவில் எங்கே தொட்டுவிட்டுத் திரும்பும் என்பது வேறு கேள்வி. வாரக் கடைசியில் பூஜ்யமாகப் போகும் பல புட்டுகள் புதன்கிழமை ஒருமுறை எகிறிவிட்டுத்தான் இறங்கும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நியாயமான விலைக்கு விற்ற ஒரு பண்டம், பூஜ்யமாவதற்கு முன் மூன்று மடங்கைத் தொட மூன்றில் ஒரு வாய்ப்பு. அதற்கு மேல் இருந்தால் வாங்கியவருக்கு லாபம், கீழே இருந்தால் விற்றவருக்கு லாபம். மூன்றில் இரண்டு முறை 20 வரும், மூன்றில் ஒரு முறை 40 போகும், கூட்டினால் பூஜ்யம். ஆக உங்கள் வெற்றி விகிதம் 90லிருந்து 67க்கு இறங்கி, பாஸ் மார்க்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்டாப் லாஸ் நஷ்டத்தின் உருவத்தை மாற்றும். இல்லாத லாபத்தை உண்டாக்காது.

சொன்னதை உங்கள் தாளிலேயே சோதித்தேன். ஒவ்வொரு வாரமும் நீங்கள் விற்ற புட் நடுவில் எவ்வளவு உயரம் போனது என்று அந்தத் தாளில் குறித்திருந்தது நல்ல வேலை. லாபத்தில் முடிந்த 45 வாரத்தில் 11 வாரம், விற்ற விலையின் மூன்று மடங்கைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஸ்டாப் லாஸ் இருந்திருந்தால் அந்த 11ம் நஷ்ட வாரங்கள். மீதி 34 லாப வாரம், ₹95,200. ஏற்கெனவே இருந்த நாலு சாதாரண நஷ்டத்தையும் சேர்த்து 15 வாரம் தலா ₹6,000 வீதம் ₹90,000 போகும். ஏறக்குறைய பூஜ்யம். அப்புறம் ஏப்ரல் 7. அன்று ஸ்டாப் லாஸ் இருந்திருந்தாலும் 60 என்ற விலையில் யாரும் வாங்கவோ விற்கவோ இல்லை, சந்தை திறந்ததே 600க்கு மேல்தான். ஆக அந்த ₹1,01,000 அப்படியே நிற்கிறது. வருட நஷ்டம் ₹29,000க்குப் பதில் ₹95,800. ஸ்டாப் லாஸ் சிறிய அடிகளை இன்னும் சிறிதாக்கி, லாப வாரங்களில் நாலில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, எந்த அடிக்காக அதை வைத்தீர்களோ அந்த அடியைத் தடுக்காமல் விட்டிருக்கும்.

இடைவெளியில் விழும் அடியைத் தடுக்க, இன்னும் கீழே ஒரு புட்டை வாங்கி வைப்பது ஒன்றுதான் வேலை செய்யும். 22,400ஐ 20க்கு விற்று, 22,200ஐ 8க்கு வாங்கியிருந்தால் கையில் நிற்பது 12, வாரம் ₹1,800. நிஃப்டி பாதாளத்துக்கே போனாலும் 188 புள்ளி, ₹28,200க்கு மேல் போகாது. கிணற்றுக்கு அடிமட்டம் வந்துவிடுகிறது. ஆனால் இதையும் லாப முறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோற்கும் வாரமெல்லாம் முழு அடி விழுந்தால் இதன் பாஸ் மார்க் 94. பாதி அடியோடு தப்பும் வாரங்களும் இருக்கும் என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இதனால் கிடைப்பது ஒன்று: அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று பட்டனை அழுத்தும் முன்பே தெரியும்.

6 லாட்டும் நகையும்

ஒரு முறைக்கு ₹580 போகும் வேலையை மூன்று மடங்காக்கினால் ₹1,740 போகும். ஏப்ரல் 7 இன்னொருமுறை வந்தால் ஒரே காலையில் ₹3 லட்சத்துக்கு மேல். அடகு வட்டி அதற்குத் தனி. எக்ஸ்பெக்டன்சி மைனஸில் இருக்கும்போது அளவை ஏற்றி மீட்க வழியே இல்லை. வேகமாகத்தான் போகும். பிளஸ்ஸில் இருந்தாலும்கூட, ஒரு அடியில் முதலே போய்விடும் அளவுக்கு ஏற்றினால் சராசரி வேலை செய்ய நீங்கள் ஆட்டத்தில் மிச்சம் இருக்க மாட்டீர்கள். செபி 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2024-25ல் ஆப்ஷன் போன்ற பங்கு டெரிவேட்டிவ்ஸில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு நிகர நஷ்டம். அவர்களில் எத்தனையோ பேர் உங்களைப்போல் முக்கால்வாசி வாரம் ஜெயித்தவர்களாக இருந்திருக்கலாம்.

மச்சான் சொல்வது சரி. இதை நிறுத்துவது ஒரு வழி, எனக்குப் பிடித்த வழியும் அதுதான். நிறுத்த மனமில்லை என்றால், அடுத்த 30 வாரம் பணம் போடாமல் நோட்டில் மட்டும் எழுதிப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு நாலு பத்தி போதும்: விற்ற விலை, வாரத்தில் தொட்ட அதிகபட்ச விலை, முடிந்த விலை, இவற்றோடு "திங்கள் காலை நிஃப்டி 5 சதவீதம் கீழே திறந்தால் எனக்கு எவ்வளவு போகும்" என்ற தொகை. நாலாவது பத்தியைத்தான் யாரும் எழுதுவதில்லை. அந்தத் தொகையை உங்கள் சராசரி வார லாபத்தால் வகுத்தால், அந்த ஒரு காலையை மீட்க எத்தனை வாரம் ஆகும் என்று வரும். 30ஐத் தாண்டும் வாரங்களில் விற்காதீர்கள். அப்படிப் பார்த்தால் பெரும்பாலான வாரங்களில் விற்கவே மாட்டீர்கள் என்பது என் ஊகம்.

நகை விஷயத்தில் மனைவியிடம் கேட்காமல் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் சட்டப்படி அது அவர் சொத்து. ஏப்ரல் கதையை முதலில் சொல்லிவிடுங்கள். 85 பைசாக் கதையை விட்டுவிட்டு, அந்த ஐந்து வரிகளின் கூட்டுத் தொகையை மட்டும் காட்டினால் போதும்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமாக ஒன்று. ஏப்ரல் 7 நஷ்டம் 2025-26 நிதியாண்டில் வருகிறது, ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள வாரங்கள் 2024-25ல் வருகின்றன. தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எஃப் அண்ட் ஓ எனப்படும் இந்த ஆப்ஷன் வியாபார நஷ்டம் ஊக வணிக நஷ்டமாகக் கருதப்படாது, சாதாரண வியாபார நஷ்டம்தான். அதே வருடக் கடை லாபத்தோடு கழிக்கலாம், மீதம் இருந்தால் எட்டு ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்க வேண்டும், அதற்கு ITR-3 படிவம். நஷ்டம்தானே என்று காட்டாமல் விடுபவர்கள் அதிகம். புரோக்கர் தளத்தில் Tax P&L என்று ஒரு அறிக்கை கிடைக்கும், அதை எடுத்து உங்கள் ஆடிட்டரிடம் கடைக் கணக்கோடு சேர்த்துக் கொடுங்கள்.